ஒரு ஸ்பூன் வல்லாரைப் பொடியில் எவ்வளவு ஈயம்?

சோதனை அறிக்கையில் ஈயத்தின் அளவு ‘4 பிபிஎம்’ என்று இருந்தால் அது அதிகமா, குறைவா? எவ்வளவு பொடியைத் தினமும் சாப்பிடுகிறோம் என்று தெரியாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. ஒரு பிபிஎம் என்பது ஒரு கிராம் பொடிக்கு ஒரு மைக்ரோகிராம். மட்டம் தட்டிய ஒரு தேக்கரண்டி இலைப்பொடி சுமார் இரண்டரை கிராம் இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். காலை ஒன்று, இரவு ஒன்று என்றால் 5 கிராம். 5 × 4 = 20. அதாவது ஒரு நாளைக்கு 20 மைக்ரோகிராம் ஈயம் உள்ளே போகிறது.

இந்திய ஆயுஷ் விதிப்படி இந்தப் பொடி தேறிவிடும். மூலிகை மருந்தில் ஈயம் 10 பிபிஎம், ஆர்சனிக் 3, பாதரசம் 1, காட்மியம் 0.3 வரை இருக்கலாம் என்பதுதான் அங்கே வரம்பு. ஆனால் அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. உணவு வழியாக உடலில் சேரும் ஈயத்துக்கு வைத்திருக்கும் இடைக்கால அளவுகோலின்படி, கருத்தரிக்கும் வயதுப் பெண்களுக்கு நாளொன்றுக்கு 8.8 மைக்ரோகிராம், குழந்தைகளுக்கு 2.2. பெண்களுக்கான கணக்கிலேயே நமது பொடி எல்லையைத் தாண்டி இரண்டு மடங்குக்கு மேல் போய்விட்டது. இரண்டு விதிகளும் ஒன்றுக்கொன்று முரண்படவில்லை. முதலாவது பொடியின் செறிவைப் பார்க்கிறது, இரண்டாவது வயிற்றுக்குள் போகும் மொத்த அளவைப் பார்க்கிறது. கால் கிராம் எடுக்கும் மருந்துக்கு 10 பிபிஎம் பெரிதில்லை. ஸ்பூன் ஸ்பூனாக மாதக்கணக்கில் சாப்பிடும் பொடிக்கு அதே 10 பிபிஎம் மிக அதிகம்.

வல்லாரையை உதாரணமாக எடுத்ததற்குக் காரணம் உண்டு. அது ஈரமான மண்ணில், வரப்போரம், வாய்க்கால் கரை, சாக்கடை ஓரம் என்று தரையோடு தரையாகப் படரும். மழை பெய்தால் தெறிக்கும் மண் இலையிலும் தண்டிலும் ஒட்டிக்கொள்ளும். ஈயம் வேரிலிருந்து இலைக்கு அவ்வளவு சுலபமாக ஏறாது. எனவே இலைப்பொடியில் ஈயம் கூடுதலாக இருந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது ஒட்டிய மண்ணையும் தூசியையும்தான். போக்குவரத்து மிகுந்த சாலையோர மண்ணில் 200 பிபிஎம் ஈயம் இருப்பதாகக் கொள்வோம். சரியாகக் கழுவாத கீரையைக் காயவைத்து அரைத்ததில் நூற்றுக்கு மூன்று பங்கு மண் கலந்திருந்தால், அந்த மண் மட்டுமே பொடிக்கு 6 பிபிஎம் கொடுத்துவிடும்.

காட்மியத்தின் வழி வேறு. அது வேர் வழியாக இலைக்குள்ளேயே ஏறிவிடும். எத்தனை முறை கழுவினாலும் போகாது. காயவைப்பது இன்னொரு சிக்கல்: ஒரு கிலோ பச்சைக்கீரை காய்ந்தால் 150 கிராம் அளவில்தான் தேறும். தண்ணீர் ஆவியாகும், உலோகம் ஆவியாகாது. கூட்டாகச் செய்து சாப்பிடும் கீரையும் அதே செடியின் பொடியும் ஒரே எடையில் ஒன்றல்ல.

மண்ணையும் தூசியையும் தவிர வேறு வழியும் இருக்கிறது. ஒரே கூடத்தில், ஒரே அரவை இயந்திரத்தில் உலோகம் சேர்த்துச் செய்யும் பற்பமும் செந்தூரமும் அரைத்தால் மூலிகைச் சூரணத்திலும் அவற்றின் மிச்சம் ஒட்டிக்கொண்டு வரும். அல்லது சூரணத்திலேயே உலோகச் சரக்கு சேர்மானமாக இருக்கலாம். லேபிளில் லிங்கம் என்றால் பாதரசச் சேர்மம். தாளகம், மனோசிலை என்றால் ஆர்சனிக். கருவங்கம் என்றால் ஈயம். நாகம் என்ற பெயரில்தான் பலர் ஏமாறுகிறார்கள். சித்த மருத்துவத்தில் அது துத்தநாகம், ஆயுர்வேதத்தில் ஈயம். ஒரே சொல், இரண்டு உலோகங்கள். இவற்றில் எது சேர்ந்திருந்தாலும் அது சும்மா வாங்கிச் சாப்பிடும் ‘பச்சிலைப் பொடி’ அல்ல, தகுதியான மருத்துவர் பார்த்துக் கொடுக்க வேண்டிய மருந்து. சேர்மானமே அச்சிடாத பாக்கெட்டை வாங்காமல் விடுவதுதான் நல்லது.

பொடியை வீட்டில் சோதிக்க முடியுமா? உலோகத்தை முடியாது. 10 பிபிஎம் என்றால் நூறு கிலோ பொடியில் ஒரே ஒரு கிராம் ஈயம். அதை நிறமோ மணமோ காட்டாது. எரித்துப் பார்ப்பது, எலுமிச்சை பிழிவது எல்லாம் வீண். மண்ணை மட்டும் ஓரளவு பிடிக்கலாம். கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றி ஒரு ஸ்பூன் பொடியைக் கலக்கிப் பத்து நிமிடம் விட்டு, மேலே உள்ளதை மெதுவாகச் சாய்த்து ஊற்றுங்கள். அடியில் மணல் பரல் தங்கினால், அல்லது பொடி பல்லில் நறநறவென்று கடிபட்டால், கழுவாமல் அரைத்த சரக்கு. தூக்கிப் போடலாம். மணல் தங்கவில்லை என்பதற்காக மட்டும் நல்ல பொடி என்று சொல்ல முடியாது.

நம்ப வேண்டியது ஆய்வக அறிக்கையைத்தான், அதையும் படிக்கத் தெரிந்து. முதலில் பேட்ச் எண்: அறிக்கையில் உள்ளதும் கையில் உள்ள பாக்கெட்டில் உள்ளதும் ஒன்றாக இருக்க வேண்டும். போன வருடத்துச் சரக்கின் அறிக்கை இந்த வருடத்துச் சரக்குக்கு எதையும் சொல்லாது, ஏனெனில் வேறு வயல், வேறு மழை. அடுத்து, நான்கு உலோகங்களுக்கும் தனித்தனி எண் வேண்டும். ‘பாஸ்’ என்ற ஒற்றைச் சொல் போதாது. ‘கன உலோகங்கள், ஈயமாக’ என்று ஒரே வரி இருந்தால் அது பழைய சல்பைடு நிறச் சோதனை. சாம்பலாக்கும் சூட்டில் பாதரசம் பறந்துபோகும், அதனால் அந்தச் சோதனை பாதரசத்தைத் தவறவிடும். ஒவ்வொரு உலோகத்தையும் தனித்தனியாக நுட்பமாக அளக்கும் ஐ.சி.பி.-எம்.எஸ். முறை என்று போட்டிருந்தால் நல்லது. ‘கண்டறியப்படவில்லை’ என்றிருந்தால் எந்த அளவுக்குக் கீழே அளக்க முடியவில்லை என்ற எண்ணும் பக்கத்தில் இருக்க வேண்டும். 5 பிபிஎம்முக்குக் கீழே பார்க்கவே முடியாத முறையில் கண்டறியப்படவில்லை என்றால் நமது கணக்கில் அது 25 மைக்ரோகிராம் வரை இருக்கலாம்.

நல்ல உற்பத்தி முறையில் தயாரித்தது என்று சொல்லும் ஜி.எம்.பி. முத்திரை இதற்கு மாற்று இல்லை. இணையத்தில் விற்ற 193 ஆயுர்வேதத் தயாரிப்புகளைச் சோதித்து 2008இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஜாமாவில் வெளியான ஆய்வில், ஐந்தில் ஒன்றில் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது. அப்படி உலோகம் இருந்தவற்றில் முக்கால்வாசி ஜி.எம்.பி. தரம் என்று சொல்லி விற்றவை.

அறிக்கை தர மறுக்கும் கடை என்றால், பொடிக்குப் பதில் காய்ந்த முழுச்செடியாக வாங்கலாம். வேரை நறுக்கி எறிந்துவிட்டு, ஓடும் தண்ணீரில் மூன்று நான்கு முறை அலசி, தெருவோரம் அல்லாத நிழலில் மறுபடி உலர்த்தி, வீட்டு மிக்ஸியில் அரைக்கலாம். ஒட்டிய மண்ணில் பெரும்பகுதி அந்த அலசலிலேயே போய்விடும். கூடவே கொஞ்சம் சத்தும் கரைந்து போகும்தான், பரவாயில்லை. தொட்டியில் நல்ல மண் போட்டு வளர்த்த வல்லாரை இதைவிட மேல்.

வெறும் வயிற்றில் எடுப்பது பலருக்குப் பழக்கம். ஈயத்தைப் பொறுத்தவரை அதுதான் மோசமான நேரம். பெரியவர்கள் சாப்பாட்டோடு எடுத்தால் உடல் உறிஞ்சும் ஈயம் பத்தில் ஒரு பங்கு அளவில் இருக்கும், வெறும் வயிற்றில் பாதியையும் எட்டலாம். இரும்பும் கால்சியமும் குறைவாக உள்ளவர்களுக்கு உறிஞ்சல் இன்னும் கூடும். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் அறிக்கை இல்லாத பொடியைத் தொடவே வேண்டாம்.

மாதக்கணக்கில் எடுத்தவருக்குக் காரணமில்லாத வயிற்றுப் பிடிப்பு, மலச்சிக்கல், இரத்தசோகை, அசதி என்று வந்தால், மருத்துவரிடம் பொடியின் பெயரைச் சொல்லி, சிரை இரத்தத்தில் ஈய அளவு பார்க்கச் சொல்லுங்கள். தள்ளிப்போடக் கூடாது. நிறுத்திய பிறகு இரத்தத்தில் உள்ள ஈயம் ஏறத்தாழ மாதத்துக்குப் பாதியாகக் குறைந்துவிடும், எலும்பில் சேர்ந்தது வருடக்கணக்கில் இருக்கும். மிச்சமிருக்கும் பொடியை அதன் பாக்கெட்டோடு சேர்த்து எடுத்து வையுங்கள், ஆய்வகத்துக்கு அனுப்ப அதுவும் தேவைப்படும்.