ஒருவர் பதில், முப்பது பேர் எடை

2016 அமெரிக்க அதிபர் தேர்தலை ஒட்டி, தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகமும் லாஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸ் நாளிதழும் சேர்ந்து ஒரு கருத்துக்கணிப்பு நடத்தின. சுமார் 3,000 பேரைத் தேர்ந்து, அதே ஆட்களிடமே திரும்பத் திரும்பக் கேட்பது அவர்களுடைய முறை. மற்ற கணிப்புகளில் ஹிலாரி கிளிண்டன் முந்திக்கொண்டிருக்க, இதில் மட்டும் பெரும்பாலும் டிரம்ப் முந்தினார். காரணம் தேடி நியூயார்க் டைம்ஸ் செய்தியாளர் நேட் கோன் அந்தத் தரவைப் பிரித்துப் பார்த்தார். இலினாய் மாநிலத்து 19 வயதுக் கறுப்பின இளைஞர் ஒருவரின் பதிலுக்கு, சராசரி ஆளின் பதிலைப்போல் 30 மடங்கு எடை தரப்பட்டிருந்தது. அவர் டிரம்ப் ஆதரவாளர். அவர் ஒருவரால் மட்டும் நாடு தழுவிய முடிவு சுமார் ஒரு சதவீதப் புள்ளி டிரம்ப் பக்கம் சாய்ந்திருந்தது.

இதைப் படிப்பவருக்கு மோசடி என்றுதான் தோன்றும். மோசடி இல்லை. எல்லா நல்ல கணிப்புகளும் செய்கிற ஒரு திருத்தத்தை இவர்கள் அளவுக்கு மீறிச் செய்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

எடை என்பது எளிமையான எண்: பதில் சொன்ன ஒருவர் எத்தனை பேருக்காகப் பேசுகிறார் என்பது. ஓர் ஊரில் 5,000 பேருக்கு ஒருவர் என்று குலுக்கிப் போட்டு எடுத்தால், எடுக்கப்பட்ட ஒவ்வொருவரும் 5,000 பேருக்காகப் பேசுகிறார். ஒரு வீட்டுக்கு ஒருவரிடம்தான் பேசுவது என்று வைத்துக்கொண்டால், நான்கு பெரியவர்கள் உள்ள வீட்டில் ஒருவர் தேர்வாகும் வாய்ப்பு, தனியாக வாழ்பவருக்கு இருப்பதில் கால்பங்குதான். அதைச் சரிக்கட்ட அவருக்கு நான்கு மடங்கு எடை. இது முதல் கட்டம். தேர்வு எப்படி நடந்தது என்று நமக்கே தெரியும் என்பதால் இதில் ஊகத்துக்கு இடமில்லை.

சிக்கல் அடுத்த கட்டத்தில். தேர்ந்தெடுத்தவர்கள் எல்லாரும் பதில் சொல்வதில்லை. அமெரிக்காவில் பியூ ஆய்வு மையத்தின் தொலைபேசிக் கணிப்புகளில் 1997-ல் 36 சதவீதம் பேர் பதில் சொன்னார்கள். 2018-ல் அது 6 சதவீதம். போனை எடுக்காத 94 பேரும் எடுத்த 6 பேரைப் போன்றவர்களே என்றால் கவலையில்லை. ஆனால் படித்தவர்கள் கணிப்புக்குப் பதில் சொல்ல அதிகம் சம்மதிக்கிறார்கள். வயதானவர்களும் அப்படியே. இளைஞர்களைப் பிடிப்பதுதான் கடினம்.

ஒரு கற்பனைக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 1,000 பேர் பதில் சொன்னார்கள். பட்டதாரிகள் 500, மற்றவர்கள் 500. அந்த ஊர் வாக்காளர்களில் பட்டதாரிகள் 35 சதவீதமே என்று மக்கள்தொகைக் கணக்கெடுப்பு சொல்கிறது. ஒரு வேட்பாளரைப் பட்டதாரிகளில் 58 சதவீதமும், மற்றவர்களில் 44 சதவீதமும் ஆதரிக்கிறார்கள். வந்த பதில்களை அப்படியே கூட்டினால் 51 சதவீதம், அவர் ஜெயிக்கிறார். இப்போது பட்டதாரி ஒவ்வொருவருக்கும் 0.7 (35-ஐ 50-ஆல் வகுத்தது), மற்றவருக்கு 1.3 (65-ஐ 50-ஆல் வகுத்தது) என்று எடை கொடுத்துக் கூட்டினால் 48.9 சதவீதம், அவர் தோற்கிறார். ஒருவருடைய பதிலையும் நாம் மாற்றவில்லை. பதில் சொல்லாத பட்டதாரி அல்லாதவர்களின் பாரத்தை, அதே வகையில் பதில் சொன்னவர்களின் தோளில் ஏற்றினோம்.

2016-ல் அமெரிக்க மாநிலக் கணிப்புகள் பலவற்றில் நடக்காமல் போனது இதுதான். வயது, பாலினம், இனம் ஆகியவற்றுக்கு எடை போட்டார்கள், படிப்புக்குப் போடவில்லை. அதை வெறும் சோம்பேறித்தனம் என்று நான் சொல்ல மாட்டேன். 2012-ல் மிக அதிகம் படித்தவர்கள், மிகக் குறைவாகப் படித்தவர்கள் என இரு முனையிலும் ஒபாமாவுக்கு ஆதரவு கூடுதலாக இருந்தது. அதனால் பதில் சொன்னவர்களின் தொகுதியான மாதிரியில் படித்தவர்கள் மிகுந்திருந்தாலும் முடிவு பெரிதாகப் பிசகவில்லை. 2016-ல் படிப்பு ஏற ஏற டிரம்ப் ஆதரவு இறங்கியது. பழைய ஓட்டை அன்றுதான் ஒழுகத் தொடங்கியது. ஒரு பண்பு, பதில் சொல்லும் விருப்பத்தோடும் கேட்கும் கேள்வியின் விடையோடும் ஒருசேரத் தொடர்புடையதாக இருந்தால்தான் அதற்கு எடை போடுவது முடிவைத் திருத்தும். கணிப்புக் குழு ஒவ்வொரு முறையும் புதிதாக யோசிக்க வேண்டிய இடம் இது.

ஒரே நேரத்தில் பல பண்புகளைச் சரிசெய்ய ‘ரேக்கிங்’ என்றொரு வழி உண்டு. 1940-ல் டெமிங்கும் ஸ்டீஃபனும் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காக வகுத்த முறை அதற்கு அடிப்படை. முதலில் பாலினம் பொருந்தும்படி எடைகளை மாற்றுவார்கள். பிறகு வயது பொருந்தும்படி மாற்றினால் பாலினம் கொஞ்சம் கலையும். படிப்பைச் சரிசெய்தால் இரண்டும் கலையும். மறுபடி பாலினத்திலிருந்து தொடங்குவார்கள். ஒவ்வொரு சுற்றிலும் கலைவது குறைந்து, சில சுற்றுகளில் எல்லாம் ஏறக்குறைய ஒன்றாகப் பொருந்திவிடும்.

பண்புகளைக் கூட்டிக்கொண்டே போகலாம் என்று ஆசை வரும். அந்த 19 வயது இளைஞரின் கதை அங்கேதான் தொடங்குகிறது. அந்தக் கணிப்பு வயதை மிகச் சிறு துண்டுகளாக வெட்டியது. 18 முதல் 21 வயது ஆண்கள் ஒரு தனித் துண்டு. அதில் மாட்டியவர்கள் சிலரே. அவர்களிலும் கறுப்பினத்தவர் மிகக் குறைவு. இரண்டு பற்றாக்குறையின் பாரமும் ஒரே தலையில் இறங்கியது.

அதற்கான விலையை லெஸ்லி கிஷ் என்ற புள்ளியியலாளர் தந்த வாய்பாட்டால் கணக்கிடலாம். w என்பது ஒவ்வொருவரின் எடை, Σ என்பது எல்லாருடையதையும் கூட்டுவது:

```
n_eff = (Σw)² / Σw²
```

எடை போட்ட பிறகு நம் மாதிரி உண்மையில் எத்தனை பேருக்குச் சமம் என்பதை இது சொல்கிறது. மேலே பார்த்த 0.7, 1.3 எடைகளில் 1,000 பேர் 917 பேருக்குச் சமம். கிடைத்த திருத்தத்துக்கு இது மலிவான விலை. இப்போது 999 பேருக்கு எடை 1, ஒரே ஒருவருக்கு 30 என்று வைத்துப் பாருங்கள். விடை 558. ஒரே ஆளின் எடையால் மாதிரி ஏறத்தாழப் பாதியாகச் சுருங்கிவிட்டது! இதனால்தான் பல நிறுவனங்கள் எடைக்கு ஓர் உச்சவரம்பு வைத்து, மிஞ்சியதை வெட்டிவிடுகின்றன. வெட்டினால் மாதிரி மக்கள்தொகையோடு கொஞ்சம் பொருந்தாமல் போகும். ஆனால் ஒருவர் மனம் மாறினால் நாடே மாறியதுபோல் தெரியாது. எந்தக் கணிப்பைப் பார்த்தாலும் நான் முதலில் அதன் முறைக் குறிப்பில் எந்தெந்தப் பண்புகளுக்கு எடை போட்டார்கள், மாதிரி எவ்வளவு சுருங்கியது என்ற இரண்டையும் தேடுவேன்.

எடையால் தொட முடியாத குறை ஒன்றும் இருக்கிறது. பதில் சொன்ன பட்டதாரி அல்லாதவர், பதில் சொல்லாத பட்டதாரி அல்லாதவரைப் போலவே நினைக்கிறார் என்ற நம்பிக்கையின் மேல்தான் முழுக் கணக்கும் நிற்கிறது. 2020-ல் படிப்புக்கும் எடை போட்ட பிறகும், அமெரிக்காவின் தேசியக் கணிப்புகள் 40 ஆண்டுகளில் காணாத அளவுக்குப் பிசகின. பைடனின் முன்னிலை கூடுதலாகக் காட்டப்பட்டது. ஒரே வயது, ஒரே படிப்பு உள்ளவர்களுக்குள்ளேயே டிரம்ப் ஆதரவாளர்கள் கணிப்புகளைத் தவிர்த்திருக்கலாம் என்பது வலுவான சந்தேகம். பதில் சொல்லாதவர்களின் பதில் யாரிடமும் இல்லை என்பதால், அதை உறுதியாக நிறுவ முடியவில்லை.

மாற்றாகச் சிலர் ‘போன தேர்தலில் யாருக்குப் போட்டீர்கள்?’ என்று கேட்டு, அதை உண்மையான தேர்தல் முடிவோடு பொருத்தி எடை போடுகிறார்கள். அதற்கும் ஒரு கண்ணி உண்டு. ஜெயித்தவருக்கே போட்டதாகப் பலர் பின்னாளில் நினைவுகூர்கிறார்கள். மாதிரியில் அவருடைய வாக்காளர்கள் மிகுதியாகத் தெரிய, எடை அவர்களைத் தேவையின்றிக் குறைத்துவிடும். அந்த 19 வயது இளைஞர் இருந்த கணிப்பும் 2012 வாக்குக்கு எடை போட்டிருந்தது. அதில் குறைக்கப்பட்டவர்கள் ஒபாமாவுக்குப் போட்டதாகச் சொன்னவர்கள்.