இரவில் அழுகிறார், ஞாயிற்றுக்கிழமை மறுபடியும்

என் தோழி ஒருத்தி திருச்சியில் கணக்கு டீச்சர். அவள் வீட்டுச் சமையலறையில் பால் கணக்கு எழுதும் மாதக் காலண்டர் தொங்கும். போன வருஷம் அதில் அரை லிட்டர், ஒரு லிட்டர் என்ற குறிப்புகளுக்கு நடுவே பேனாவால் சின்னச் சின்னப் புள்ளிகள் வைக்க ஆரம்பித்தாள். கணவர் நாலு பேர் முன்னால் அவளை மட்டம் தட்டிப் பேசினால் அந்தத் தேதியில் ஒரு புள்ளி. அதற்கு மன்னிப்பு கேட்டால் புள்ளியைச் சுற்றி ஒரு வட்டம். நாலு மாதத்தில் 11 புள்ளி, 11 வட்டம். ஒன்றுகூட விட்டுப்போகவில்லை.

விஷயம் என்னவென்றால், சில வருஷத்துக்கு முன்னால் அவள் டியூஷன் எடுத்துச் சேர்த்த 40,000 ரூபாயைச் சீட்டில் போட்டு ஏமாந்தாள். சீட்டு நடத்திய அம்மா ஊரைவிட்டே போய்விட்டார். கணவர் தன் அண்ணன் தம்பிகள் வரும்போதெல்லாம் இதை ஒரு கதையாகச் சொல்வார், "கணக்கு டீச்சருக்கு வீட்டுக் கணக்கு மட்டும் வராது" என்று முடிப்பார், எல்லாரும் சிரிப்பார்கள், இவள் காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவாள். அன்று இரவு அவர் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்வார். கண் நிஜமாகவே கலங்கும். "நான் ஒரு மிருகம், உனக்கு நான் லாயக்கே இல்லை, இனிமே அந்தப் பேச்சை எடுக்கவே மாட்டேன், சத்தியம்" என்பார். காலையில் அவள் எழுவதற்கு முன்பே டிகாஷன் இறங்கியிருக்கும். ரெண்டு வாரம் கழித்து அதே கதை, அதே சிரிப்பு.

அவள் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "இவர் நடிக்கிறாரா? நடிப்புன்னு தெரிஞ்சா கூட எனக்கு நிம்மதியா இருக்கும்."

நடிப்பு இல்லை என்றுதான் நினைக்கிறேன். குழப்பமே அங்கேதான் இருக்கிறது. இவ்வளவு உருகி மன்னிப்பு கேட்கிறவர் கண்டிப்பாக மாறிவிடுவார் என்று நாம் எல்லாருமே கணக்குப் போடுகிறோம், அந்த உருக்கத்தை மாற்றத்துக்கான அட்வான்ஸ் மாதிரி வாங்கி வைத்துக்கொள்கிறோம். ஆனால் உருகுவதும் மாறுவதும் வேறு வேறு வேலைகள்.

2011-ல் ஜோஹன்னா பீட்ஸ், லாரா காம்ரத் என்று இரண்டு உளவியலாளர்கள் இதை நேரடியாகவே ஆராய்ந்தார்கள். காதல் உறவில் இருப்பவர்கள் துணைக்குக் கொடுக்கும் வாக்குகளை எடுத்துக்கொண்டு, யார் அதிகம் வாக்கு கொடுக்கிறார்கள், யார் அதைக் காப்பாற்றுகிறார்கள் என்று தனித்தனியாகப் பார்த்தார்கள். துணை மேல் பாசம் அதிகமாக இருந்தவர்கள் அதிகமாக வாக்கு கொடுத்தார்கள். ஆனால் காப்பாற்றுவதில் அவர்கள் மற்றவர்களைவிட ஒரு படிகூட மேலே இல்லை. வாக்கைக் காப்பாற்றியவர்கள் யார் என்றால், பொதுவாகவே தன்னைத் தானே ஒழுங்குபடுத்திக்கொள்ளத் தெரிந்தவர்கள், சொன்ன வேலையை நேரத்துக்கு முடிக்கிற ஆட்கள். அதாவது வாக்கு பிறப்பது பாசத்தில், அது நிற்பதோ வேறொரு திறமையில். இரவில் என் தோழியின் கையைப் பிடித்துக்கொண்டு சத்தியம் செய்தபோது அவர் தன் பாசத்தைத்தான் அளந்து சொன்னார். ஞாயிற்றுக்கிழமை அண்ணன் தம்பிகள் நடுவில் உட்கார்ந்து, எல்லாரும் சிரிக்கக் காத்திருக்கும்போது வாயை மூடத் தெரியுமா என்பது அந்த அளவையில் வரவே இல்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும், அவர் என்ன சொல்லி மன்னிப்பு கேட்கிறார் என்பதை. "நான் ஒரு மிருகம்." கேட்கும்போது நெஞ்சை உருக்குகிற வார்த்தைதான். ஆனால் அதில் சீட்டுக் கதையே இல்லை, அவள் உள்ளே போய் நின்றதும் இல்லை. முழுக்க அவரைப் பற்றியது. ஜூன் டாங்னி என்ற அமெரிக்க உளவியலாளர் பல வருஷமாகச் சொல்லிவரும் வித்தியாசம் இது: குற்ற உணர்வு வேறு, அவமான உணர்வு வேறு. "நான் செய்தது தப்பு" என்று நினைப்பவரின் கண் பாதிக்கப்பட்ட ஆள் மேல் இருக்கும், அதைச் சரிசெய்யத் தோன்றும். "நானே கேவலமானவன்" என்று நினைப்பவருக்கு அந்த வலியிலிருந்து தப்பிக்கத்தான் முதலில் தோன்றும். 2014-ல் அவரும் கூட்டாளிகளும் 476 சிறைவாசிகளைப் பேட்டி எடுத்து, அவர்களில் பலரை விடுதலையாகி ஒரு வருஷம் கழித்து மறுபடி விசாரித்த ஆய்வை வெளியிட்டார்கள். குற்ற உணர்வு அதிகம் இருந்தவர்கள் மறுபடி குற்றம் செய்வது குறைவாக இருந்தது. அவமான உணர்வுக்கு அப்படி நேரான பலன் இல்லை, அது பழியை அடுத்தவர் மேல் போடுகிற புத்தியோடு சேர்ந்துகொண்டால் நிலைமை மோசமாகத்தான் போயிற்று. சிறையும் குடும்பமும் ஒன்றில்லை, சரி. ஆனால் என் தோழி வீட்டு இரவுகளை நினைத்துப் பாருங்கள். அவர் தன்னை மிருகம் என்று திட்டிக்கொண்டு அழ அழ, கடைசியில் இவள்தான் "அப்படியெல்லாம் சொல்லாதீங்க, நீங்க நல்லவர்தான்" என்று முதுகைத் தடவிக் கொடுத்தாள். காயம்பட்டவள் ஆறுதல் சொல்கிறாள், காயப்படுத்தியவர் ஆறுதல் வாங்கிக்கொள்கிறார், சீட்டுக் கதை பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசாமலே அந்த இரவு முடிந்துவிடுகிறது.

அப்படி முடியும்போது என்ன நடக்கிறது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஒருவரை மாறச் சொல்லித் தள்ளும் ஒரே விசை, தப்பு செய்தபின் உள்ளே குடைகிற அந்த அசௌகரியம். அவள் மன்னித்த நிமிஷமே அது தணிந்துவிடுகிறது. மாற்றம் என்ற வேலை தொடங்கும் முன்பே வேலைக்கான காரணம் கரைந்துவிட்டது. கொஞ்ச நாளில் மன்னிப்பு கேட்பது அந்தப் பழக்கத்தை நிறுத்துகிற பிரேக்காக இல்லாமல், அதன் கடைசிப் பகுதியாகவே ஆகிவிடுகிறது: கேலி, சிரிப்பு, கண்ணீர், காபி, எல்லாம் சேர்ந்து ஒரே சுற்று.

ஜேம்ஸ் மெக்நல்டி என்ற ஆய்வாளர் 2010-ல் அமெரிக்காவில் புதிதாகக் கல்யாணமான தம்பதிகளை ஒரு வாரம் தினமும் டைரி எழுதச் சொன்னார். துணையை மன்னித்த நாளுக்கு அடுத்த நாள் துணை மறுபடி மனம் நோகும்படி நடந்ததாக எழுதியது, மன்னிக்காத நாளுக்கு அடுத்த நாளைவிட ஏறக்குறைய ஆறரை மடங்கு அதிகமாக இருந்தது. இதைப் படித்துவிட்டு யாரையும் மன்னிக்கவே கூடாது என்று முடிவு கட்ட வேண்டாம். ஒன்றை அடுத்து ஒன்று வருவதாலேயே முதலாவதுதான் காரணம் என்று டைரியை வைத்துச் சொல்லிவிட முடியாது. பின்னால் 2016-ல் அவரே இன்னொருவரோடு சேர்ந்து செய்த ஆய்வில், பிறருக்கு இணங்கிப் போகும் குணம் உள்ளவர்கள் மன்னிக்கப்பட்டால் அந்த நன்றிக்கு மறுபடி தப்பு செய்வதைக் குறைத்துக்கொள்கிறார்கள், அந்தக் குணம் இல்லாதவர்கள்தான் சலுகையாக எடுத்துக்கொள்கிறார்கள் என்று தெரிந்தது. ஆக உங்கள் மன்னிப்பு ஒருவரிடம் என்ன வேலை செய்கிறது என்பதை அவருடைய அடுத்த சில வாரங்களில்தான் படிக்க முடியும், கண்ணீரில் படிக்க முடியாது. காலண்டரில் புள்ளி வைத்தது அதனால்தான் புத்திசாலித்தனம். நம் ஞாபகத்தில் கடைசியாகக் குடித்த காபி பெரிதாக நிற்கும், பதினோராவது தடவை என்பது நிற்காது.

அந்தக் காலண்டரை நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து பார்த்தோம். 11-ல் 9 புள்ளி ஞாயிற்றுக்கிழமை. அவர் தம்பி வந்த நாட்கள். அப்புறம் அவளே வேறொன்றைக் கண்டுபிடித்தாள்: அவளுடைய அண்ணன் வந்த நாட்களில் ஒரு புள்ளிகூட இல்லை, கணவருடைய மேனேஜர் குடும்பத்தோடு சாப்பிட வந்த அன்றும் இல்லை. "என்னை அறியாம வாயில வந்துடுதும்மா" என்று அவர் சொல்வது இங்கே நிற்கவில்லை. ஆபீஸ், ரோடு, கடை என்று எல்லா இடத்திலும் வாயை அடக்க முடியாதவர் என்றால் அது கோபத்தை, குடியை, தூக்கமின்மையைப் பார்க்க வேண்டிய பிரச்சினை. ஆனால் சில பேர் முன்னால் பிரேக் சரியாகப் பிடிக்கிறது, தன் அண்ணன் தம்பிகள் முன்னால் மட்டும் பிடிக்கவில்லை என்றால் பிரேக் பழுதாகவில்லை. இங்கே பிடித்தாக வேண்டும் என்று அவர் நினைக்கவில்லை. யோசித்துத்தான் செய்கிறார் என்று சொல்லமாட்டேன். யாரை நோகடித்தால் விலை கொடுக்க வேண்டும், யாரிடம் இரவு ஒரு மன்னிப்போடு முடிந்துவிடும் என்று அவருக்குள் ஒரு கணக்கு தானாக ஓடுகிறது. அந்த வீட்டில் அந்தப் பழக்கம் சொன்ன செய்தி அதுதான், அதைக் கேட்டு அவள் ரொம்ப நேரம் பேசவில்லை.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மனம் நோகும் நடத்தை என்பது அடியாகவோ மிரட்டலாகவோ இருந்தால், கேள்வி கேட்டாலே பயமாக இருந்தால், புள்ளி வைத்துப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். 181 என்ற பெண்கள் உதவி எண்ணுக்குப் பேசுங்கள். 2005-ன் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் அவமானப்படுத்துவது, கேலி செய்து சிறுமைப்படுத்துவது எல்லாம் வார்த்தை வன்முறையாகவே எழுதப்பட்டிருக்கிறது, அடி விழுந்தால்தான் சட்டம் என்று இல்லை.

என் தோழிக்கு அந்தப் பயம் இல்லை. அதனால் பன்னிரண்டாவது இரவில் அவள் முதுகைத் தடவவில்லை. அவர் சத்தியம் செய்ய ஆரம்பித்ததும், "சத்தியம் வேண்டாம்ங்க. அடுத்த ஞாயிறு உங்க தம்பி 'அண்ணியோட சீட்டுக் கதையைச் சொல்லுங்க'ன்னு கேட்பார், அப்போ என்ன சொல்வீங்க? அந்த வார்த்தையை மட்டும் இப்போ சொல்லுங்க" என்று கேட்டாள். அவரால் சொல்ல முடியவில்லை. ரொம்ப நேரம் கழித்து, கோபமாக எழுந்து போய்விட்டார்.

அந்தக் கேள்விக்குப் பின்னால் உறுதியான ஆய்வு இருக்கிறது. பீட்டர் கோல்விட்சர் என்ற ஜெர்மன் உளவியலாளர், "இனிமேல் நன்றாக நடப்பேன்" என்ற பொதுவான தீர்மானத்தையும் "இது நடந்தால், அப்போது இதைச் செய்வேன்" என்று முன்கூட்டியே முடிச்சுப் போட்டு வைக்கும் தீர்மானத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தார். 2006-ல் அவரும் பாஸ்கல் ஷீரனும் இப்படிப்பட்ட 94 சோதனைகளைத் தொகுத்தபோது, இரண்டாவது வகை தெளிவாகவே அதிகம் நிறைவேறியது. காரணம் எளிது. இரவில் அமைதியாக இருக்கும்போது ஞாயிற்றுக்கிழமையின் இழுப்பு எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரிவதில்லை. அந்த நேரத்தில் யோசித்து முடிவெடுக்க முடியாது, முன்பே எடுத்து வைத்த முடிவுதான் கைகொடுக்கும். ஆனால் அதற்கு ஒருவர் மாற விரும்ப வேண்டும். விருப்பமே இல்லாதவருக்கு எந்தத் திட்டமும் உதவாது, அதையும் அந்தக் கேள்வி காட்டிக்கொடுத்துவிடும்.

இரண்டு நாள் கழித்து அவரே வந்து சொன்னாராம்: "தம்பி கேட்டா, அது அவ உழைச்ச காசுடா, அதுல சிரிக்க ஒண்ணுமில்லைன்னு சொல்றேன்."

அடுத்த மூன்று மாதத்தில் 4 புள்ளி. அதில் இரண்டுக்கு அவள் வட்டம் போடவில்லை, பக்கத்தில் "ஹால்" என்று எழுதியிருந்தாள். அந்த இரண்டு தடவையும் கதை பாதியில் நின்றிருக்கிறது. தம்பிகள் உட்கார்ந்திருக்கும்போதே, அவள் டம்ளர்களை எடுக்கக் குனிவதற்குள், "இல்ல, இதை நான் சொல்லியிருக்கக் கூடாது" என்று அவர் எல்லார் காதிலும் விழும்படி சொல்லியிருக்கிறார். மற்ற இரண்டும் பழைய மாதிரியே, இரவில், கண்ணீரோடு. இந்த வருஷத்துக் காலண்டரிலும் அவள் பேனாவைக் கட்டித்தான் தொங்கவிட்டிருக்கிறாள்.