வேர்ல்டு ஸ்ட்ரீமிங்: நேரலையும் அல்ல, ஓடையும் அல்ல

திறந்த உலக விளையாட்டுகளைப் பற்றிய தமிழ்க் குறிப்புகளில் 'வேர்ல்டு ஸ்ட்ரீமிங்' என்பதற்கு 'உலக நேரலை' என்ற தொடரைப் பார்க்கும்போதெல்லாம் எரிச்சல் வருகிறது. நேரலை என்றால் இப்போது நடப்பதை இப்போதே காட்டுவது. இங்கே அப்படி எதுவும் நடப்பதில்லை. ஏற்கெனவே வட்டில் கிடக்கும் நிலத்தைத் துண்டு துண்டாக நினைவகத்துக்குக் கொண்டுவருகிறார்கள், அவ்வளவுதான். அகராதியில் 'ஸ்ட்ரீமிங்' என்று தேடி, முதலில் கண்ணில் பட்ட சொல்லை ஒட்டியதன் விளைவு இது.

ஆங்கில மூலச்சொல்லுக்கு நீரோட்டம் என்று பொருள். அதைப் பிடித்துக்கொண்டு 'ஓடையாக்கம்' என்பவர்களோடுதான் எனக்கு உண்மையான வழக்கு. ஓடை ஒரே திசையில், வந்த வரிசையில் ஓடும். பாட்டுக்கும் படத்துக்கும் அது பொருந்தும். விளையாட்டு உலகிலோ எது முதலில் வர வேண்டும் என்பதை ஆட்டக்காரரின் இடமும் வேகமும் தீர்மானிக்கின்றன. வந்தது திரும்பியும் போகிறது.

ஒரு துண்டு 128 மீட்டர் சதுரம், ஆட்டக்காரரைச் சுற்றி 5×5 துண்டுகள் என்று வைப்போம். நொடிக்கு 40 மீட்டர் வேகத்தில் நேராகப் போகும் கார் 3.2 நொடியில் ஒரு துண்டைக் கடக்கும். அதற்குள் முன்வரிசையின் 5 துண்டுகள் வந்தாக வேண்டும், ஒன்றுக்கு 0.64 நொடி. காருக்கு நேர் எதிரே உள்ளது முதலில், ஓரத்தில் உள்ளவை பிறகு. ஒரு துண்டுக்குள்ளும் காரைத் தாங்கும் மோதல் வடிவம் முதலில், நுண்ணிய மேற்பரப்புப் படங்கள் கடைசியில். இந்த வரிசை மாறினால் கார் தரை வழியே கீழே விழக்கூடும்.

வட்டிலிருந்து படிப்பதும் சுருக்கம் விரிப்பதும் பின்னணி இழையில் நடக்கும். ஆனால் பொருள்களை உலகில் சேர்க்கும் வேலையில் ஒரு பகுதி பெரும்பாலும் ஆட்டத்தைச் சட்டகம் சட்டகமாக நகர்த்தும் முதன்மை இழையில்தான் முடிய வேண்டும். நொடிக்கு 60 சட்டகம் என்றால் ஒரு சட்டகத்துக்கு 16.7 மில்லிநொடிதான். அதில் 2 மில்லிநொடியை மட்டும் இதற்கு ஒதுக்கி, மிச்சத்தை அடுத்த சட்டகத்துக்குத் தள்ள வேண்டும். தள்ளாவிட்டால் துண்டின் எல்லையைத் தாண்டும் ஒவ்வொரு முறையும் படம் திக்கும். திக்கல் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வந்தால் காரணம் இதுவாக இருக்கலாம்.

'ஓடை' அடியோடு மறைப்பது, கடந்துபோன துண்டை நினைவகத்திலிருந்து இறக்கும் வேலையைத்தான். ஆட்டக்காரரிடமிருந்து 256 மீட்டரில் ஏற்றினால், இன்னும் தள்ளி, 320 மீட்டர் போன்ற தொலைவில் இறக்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே எல்லை வைத்தால், எல்லையில் முன்னும் பின்னும் நடப்பவருக்காக ஒரே துண்டு ஓயாமல் ஏறி இறங்கும். மைன்கிராஃப்ட் போல ஆட்டக்காரர் நிலத்தையே மாற்றும் விளையாட்டில், மாறிய துண்டை வட்டில் எழுதிய பிறகே விட வேண்டும். இல்லையேல் கட்டிய வீடு காணாமல் போகும். அழிப்பதும் சும்மா வராது. ஆயிரம் பொருளை ஒரே சட்டகத்தில் அழித்தாலும் திக்கும்.

ஆகவே என் சொல் 'ஏற்றியிறக்கல்'. ஏற்றுகூலி, இறக்குகூலி என்று சந்தையில் நாளும் புழங்கும் சொற்கள்தானே? முன்னுரிமைக்கு 'ஏற்று வரிசை', விடும் தொலைவுக்கு 'இறக்கு எல்லை' என்று அதிலிருந்தே கிளைக்கும். ஓடையிலிருந்து 'இறக்கு எல்லை'க்கு ஒரு சொல் பிறப்பித்துக் காட்டட்டும், பிறகு பேசலாம்.