மொபைல் எண்ணை வைஃபை பாஸ்வேர்டாக வைத்தால் என்ன ஆகும்?

புதிதாக இணைப்புக் கொடுக்க வருபவர், வேலை முடியும்போது ஒரு கேள்வி கேட்பார்: "சார், பாஸ்வேர்ட் என்ன வைக்கட்டும்? உங்க நம்பரையே வைச்சிடவா?" நாமும் சரி என்று தலையாட்டிவிடுவோம். பத்து இலக்கம், மறக்காது, வருகிறவர்களுக்குச் சொல்லவும் எளிது. குறைந்தது 8 எழுத்து வேண்டும் என்ற ரவுட்டரின் நிபந்தனையும் நிறைவேறிவிடுகிறது. ஆனால் இந்தப் பாஸ்வேர்டை உடைக்க ஒருவருக்கு அரை மணி நேரம் போதும். அதுவும் நம் ரவுட்டரைத் தொடாமலே.

எப்படி என்று புரிய, இப்போதும் மிகப் பரவலாக இருக்கும் WPA2 என்ற வைஃபை பாதுகாப்பு முறையில் போனும் ரவுட்டரும் ஒன்றையொன்று எப்படி நம்புகின்றன என்று பார்க்க வேண்டும். பாஸ்வேர்ட் காற்றில் அப்படியே போவதில்லை. இரு பக்கமும் பாஸ்வேர்டையும் வைஃபையின் பெயரையும் சேர்த்து, ஒரு கணக்கை 4096 முறை திரும்பத் திரும்பச் செய்து ஒரு சாவியை உருவாக்குகின்றன. பிறகு ஆளுக்கொரு தற்செயல் எண்ணை அனுப்பி, அந்த எண்களையும் சாவியையும் வைத்துக் கணக்கிட்ட ஒரு முத்திரையைப் பரிமாறிக்கொள்கின்றன. முத்திரை பொருந்தினால் எதிராளிக்கும் பாஸ்வேர்ட் தெரியும் என்று அர்த்தம். நான்கு செய்திகளில் முடியும் இந்தப் பரிமாற்றத்துக்கு ஹேண்ட்ஷேக் என்று பெயர்.

இதைத் தெருவிலிருந்து ஒருவர் பதிவு செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வைஃபை பெயர், தற்செயல் எண்கள், முத்திரை எல்லாம் அவர் கையில் இருக்கின்றன. தெரியாதது பாஸ்வேர்ட் மட்டுமே. அவர் வீட்டுக்குப் போய் நிதானமாக ஒவ்வொரு ஊகத்தையும் அதே கணக்கில் போட்டு, அதே முத்திரை வருகிறதா என்று பார்க்கலாம். ஏடிஎம்மில் மூன்று முறை தவறினால் கார்டு முடங்குவது போன்ற தடை இங்கே எதுவும் கிடையாது, ஏனென்றால் ஊகம் நடப்பதே ரவுட்டருக்குத் தெரியாது. யாராவது இணையும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. "இணைப்பு துண்டிக்கப்பட்டது" என்று ஒரு போலிச் செய்தியை அனுப்பினால் போன் துண்டித்துக்கொண்டு தானாகவே மறுபடி இணையும். அதற்குள் ஹேண்ட்ஷேக் பதிவாகிவிடும். நமக்குத் தெரிவதெல்லாம் வீடியோ ஒரு நொடி நின்று ஓடியது மட்டும்தான்.

இனி வேகம். RTX 4090 என்ற ஒரே ஒரு கிராபிக்ஸ் கார்டு நொடிக்கு ஏறத்தாழ 25 லட்சம் ஊகங்களைச் சோதிக்கும். இந்திய மொபைல் எண்கள் 6, 7, 8, 9 இவற்றில் ஒன்றில்தான் தொடங்கும். ஆக மொத்தம் 400 கோடி சாத்தியங்கள். அதை 25 லட்சத்தால் வகுத்தால் 1600 நொடி, அதாவது 27 நிமிடம். பிறந்த தேதியை எட்டு இலக்கமாக வைத்தவர்களுக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

இது வெறும் காகிதக் கணக்கு இல்லை. 2021-இல் சைபர்ஆர்க் நிறுவனத்தின் ஆய்வாளர் ஒருவர் இஸ்ரேலின் டெல் அவிவ் நகரில் சுற்றி, 5000 வைஃபை இணைப்புகளிலிருந்து இப்படிச் சோதிக்கத் தேவையான தகவலைத் திரட்டினார். அவற்றில் சுமார் 70 சதவீதத்தின் பாஸ்வேர்டைக் கண்டுபிடித்தார். அவர் முதலில் சோதித்ததே உள்ளூர் மொபைல் எண்களைத்தான். அங்கேயும் மக்கள் நம்மைப் போலத்தான்!

சரி, எவ்வளவு நீளம் வேண்டும்? இங்கே நீளத்தைவிட, எத்தனை சாத்தியங்களில் ஒன்றை எடுத்தோம் என்பதுதான் கணக்கு. ஒரு பழைய புத்தகத்தைக் கண்ணை மூடிப் புரட்டி, விரல் பட்ட சொற்களை எடுப்பதாக வைத்துக்கொள்வோம். எளிய சொற்கள் ஓர் 2000 இருக்கலாம். அவற்றில் நான்கு சொற்களைக் கோத்தால் அதே கார்டு எல்லாவற்றையும் சோதித்து முடிக்க 74 நாள் ஆகும். ஐந்து சொற்களுக்குச் சுமார் 400 ஆண்டு. ஆறாவது சொல்லைச் சேர்த்தால் 8 லட்சம் ஆண்டைத் தாண்டும். தமிழ்ச் சொற்களையே ஆங்கில எழுத்தில் எழுதலாம்:

```
murungai-thabaal-oonjal-kuthirai-semmann
```

உச்ச வரம்பு 63 எழுத்து, இது 40-தான். ஆனால் சொற்களை நாமாக யோசித்து எடுத்தால் கணக்கு பொய்த்துவிடும். குழந்தையின் பெயர், குலதெய்வம், பழமொழி, பாட்டு வரி எல்லாம் ஊகப் பட்டியலில் முன்வரிசையில் இருப்பவை. (மேலே உள்ள வரியையும் அப்படியே எடுத்துவிடாதீர்கள்.)

2018-இல் வந்த WPA3 இந்த ஓட்டையை வேரிலேயே அடைக்கிறது. இதிலும் பாஸ்வேர்ட் உண்டு. ஆனால் பரிமாற்றத்தைப் பதிவு செய்து வீட்டுக்குக் கொண்டுபோனால் ஒரு ஊகம் சரியா தவறா என்று சரிபார்க்க வழியில்லாதபடி கணிதம் அமைக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வோர் ஊகத்துக்கும் ரவுட்டரிடமோ போனிடமோ நேரில் பேசியாக வேண்டும். நொடிக்கு 25 லட்சம் என்பது நொடிக்குச் சில என்று சுருங்கிவிடும். போலித் துண்டிப்புச் செய்திகளுக்கும் இதில் மதிப்பில்லை.

ஒரு சிக்கல் இருக்கிறது. பல ரவுட்டர்களில் WPA2/WPA3 என்று இரண்டையும் சேர்த்த அமைப்பு ஒன்று இருக்கும். பழைய கருவிகளும் வேலை செய்ய வேண்டுமே என்று பெரும்பாலோர் அதைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆனால் பாஸ்வேர்ட் இரண்டுக்கும் ஒன்றே. அதே பெயரில் WPA2 மட்டும் தரும் போலி வைஃபை ஒன்றை யாராவது வைத்தால், புதிய போன்கூட அதனிடம் பழைய முறையில் ஹேண்ட்ஷேக் செய்யக்கூடும். 2019-இல் டிராகன்பிளட் என்ற பெயரில் வெளியான ஆய்வு இதைக் காட்டியது. அதனால் கலப்பு அமைப்பில் இருக்கும்வரை, மொபைல் எண்ணை வைத்திருப்பவருக்கு WPA3 பெயரளவில்தான்.

அதே ரவுட்டர் வேறொரு பெயரில் தனியாகத் தரும் இரண்டாவது வைஃபையான கெஸ்ட் நெட்வொர்க் கைகொடுப்பது இங்கேதான். விருந்தினருக்கு மட்டுமானது என்று அதை ஒதுக்கிவிடுகிறோம். என் கணக்கில் அதன் முதல் வாடிக்கையாளர்கள் WPA3 தெரியாத பல்பும் கேமராவும் பழைய டிவியும்தான். அவற்றை WPA2-PSK (AES) உள்ள கெஸ்ட் நெட்வொர்க்குக்கு, வேறொரு பாஸ்வேர்டோடு அனுப்பிவிட்டால், போனும் லேப்டாப்பும் இருக்கும் முதன்மை நெட்வொர்க்கை WPA3 மட்டும் என்று மாற்றிவிடலாம். ஆண்ட்ராய்டு 10-இலும் ஐபோன் 7-இலும் தொடங்கி ஆதரவு இருக்கிறது; ஆண்ட்ராய்டில் சில மலிவான மாடல்கள் விதிவிலக்கு. மாற்றியபின் போனில் பழைய பதிவை அழித்துவிட்டு மறுபடி இணைப்பது நல்லது. அப்படியே, பாஸ்வேர்ட் போடாமல் பட்டனாலோ பின் எண்ணாலோ கருவிகளை இணைக்கும் WPS என்ற வசதி ரவுட்டரில் தெரிந்தால் அணைத்துவிடுங்கள். அதன் எட்டு இலக்கப் பின் எண் இரண்டு பாதியாகச் சரிபார்க்கப்படுவதால், அதிகபட்சம் 11,000 முயற்சியில் விழுந்துவிடும் என்று 2011-இலேயே தெரிந்துவிட்டது.

கெஸ்ட் நெட்வொர்க் உண்மையிலேயே தனியாக இருக்கிறதா என்பதையும் பார்த்துவிட வேண்டும். போனை அதில் இணைத்து, பிரவுசரில் ரவுட்டரின் முகவரியைப் போடுங்கள். பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1 ஆக இருக்கும். லாகின் பக்கம் திறந்தால் பிரிவு சரியில்லை. பிரிண்டரின் முகவரியையும் அப்படியே முயன்று பாருங்கள். இணைப்பு நிறுவனம் கொடுத்த பெட்டிக்குப் பின்னால் சொந்த ரவுட்டரை மாட்டியவர்கள் இதில் அடிக்கடி ஏமாறுவார்கள். கெஸ்ட்டிலிருந்து வெளியே போகும் பாதை அந்த முதல் பெட்டி வழியாகவே செல்வதால், அதில் இணைந்திருக்கும் கருவிகளெல்லாம் ரவுட்டரின் பார்வையில் "வெளி இணையம்" ஆகிவிடும், தடையும் இருக்காது. அப்படியானால் முதல் பெட்டியின் வைஃபையை அணைத்து, மற்ற கருவிகளை அதிலிருந்து கழற்றிவிடுவதுதான் வழி. அதன் அட்மின் பாஸ்வேர்டையும் மாற்றிவிடுங்கள்.

இதற்குப் பிறகு, போனிலிருந்து டிவிக்கு வீடியோ அனுப்ப முடியவில்லை என்று வீட்டில் புகார் வரும். பிரிவு வேலை செய்கிறது என்பதன் அடையாளம் அது. போனையும் கெஸ்ட்டுக்கு மாற்றினால் சில ரவுட்டர்களில் சரியாகும். AP Isolation இயங்கினால் கெஸ்ட்டில் இருப்பவையும் ஒன்றையொன்று பார்க்காது. அப்போது டிவிக்குள்ளேயே இருக்கும் ஆப்பைத்தான் பயன்படுத்த வேண்டும்.