முடங்கிய கணக்குக்கு ஒரு பக்கக் கடிதம்

கிளை மேலாளராக இருந்த காலத்தில், சேமிப்புக் கணக்கு முடங்கிப்போனவர்கள் கொண்டுவரும் கடிதங்களை நிறைய வாசித்திருக்கிறேன். பெரும்பாலானவை மூன்று பக்கம் இருக்கும். இருபது ஆண்டு வாடிக்கையாளர் என்பது இருக்கும், மனவேதனை இருக்கும், வழக்குப் போடுவேன் என்ற எச்சரிக்கையும் இருக்கும். கணக்கு எண் மட்டும் இருக்காது.

ஒரு பெண்மணி தமது பழைய காரை விற்றார். பணம் காலையில் கணக்கில் ஏறியது. மாலைக்குள் அதில் பெரும்பகுதியைத் தமது வீட்டுக் கடனுக்கு அனுப்பிவிட்டார். அதுவரை சம்பளமும் மளிகைச் செலவும் தவிர எதுவும் நடக்காத கணக்கு அது. அறிமுகமில்லாத ஒருவரிடமிருந்து பெரிய வரவு, அன்றே பெரிய பற்று என்றால் கண்காணிப்பு மென்பொருள் சந்தேகப்படும். மோசடிப் பணத்தைக் கைமாற்றிவிடும் கணக்குகளும் அப்படித்தான் இயங்கும். மறுநாள் அவருடைய அட்டை வேலை செய்யவில்லை.

அவர் வந்ததும் "ஏன் முடக்கினீர்கள்?" என்று கேட்டார். எனக்குத் திரையில் தெரிந்தது ஒரு குறியீடு மட்டுமே. காரணம் தெரிந்த ஊழியராலும் பல நேரம் சொல்ல முடியாது. சந்தேகப் பரிவர்த்தனை குறித்து அறிக்கை போயிருந்தால் அதை வாடிக்கையாளரிடம் வெளியிடுவதைப் பெரும்பாலான நாடுகளின் சட்டம் தடுக்கிறது. அதனால் வேறு இரண்டு கேள்விகளைக் கேட்பது பயன் தரும். இது வங்கியே எடுத்த முடிவா, காவல்துறையோ நீதிமன்றமோ வரித்துறையோ அனுப்பிய உத்தரவா? முடங்கியது முழுக் கணக்கா, பணம் எடுப்பது மட்டுமா, குறிப்பிட்ட ஒரு தொகை மட்டுமா? வெளி உத்தரவு என்றால் வங்கி தானாக அதை நீக்க முடியாது. உத்தரவின் எண்ணையும் தேதியையும் கேட்டு வாங்கி, அதைப் பிறப்பித்த அலுவலகத்துக்கே எழுத வேண்டும். எடுப்பது மட்டும் முடங்கியிருந்தால் வரவு தொடர்ந்து ஏறும், ஏறியது சிக்கிக்கொள்ளும். ஆகவே அடுத்த சம்பளத்தை வேறு கணக்குக்குத் திருப்பிவிடுவது நல்லது.

அந்தப் பெண்மணியுடையது வங்கியின் சொந்த முடிவு. ஆனால் முடிவெடுத்தது என் கிளை அல்ல, தலைமையகத்தில் ஒரு பிரிவு. அங்கே கடிதத்தைத் திறப்பவர் இந்தப் பெண்மணியைப் பார்த்தது கிடையாது. அவர் முன்னால் இருப்பது கணக்கு விவரப் பட்டியலும் அதில் சந்தேகத்துக்குரிய இரண்டு வரிகளும்தான். அவர் முதலில் எழுதிய கடிதத்தை விட்டுவிட்டு, அந்த இரண்டு வரிகளுக்கு மட்டும் பதில் எழுதச் சொன்னேன். இரண்டாவது கடிதத்தின் நடுப்பகுதி இப்படி வந்தது:

"மேற்கண்ட தேதியில் வந்த வரவு என் காரை விற்ற தொகை. பரிவர்த்தனைக் குறிப்பு எண் மேலே உள்ளது. விற்பனை ஒப்பந்தம் இணைப்பு 1, வாகன உரிமை மாற்றப் படிவம் இணைப்பு 2. அன்று மாலை சென்ற பற்று என் பெயரிலுள்ள வீட்டுக் கடனுக்கானது. கடன் கணக்கின் ரசீது இணைப்பு 3. முடக்கத்தை நீக்கவும், இயலாதெனில் எழுத்தில் பதில் தரவும் வேண்டுகிறேன்."

ஒப்பந்தத்தில் உள்ள தொகையும் வரவுத் தொகையும் ஒத்துப்போக வேண்டும். அவருக்கு ஒத்துப்போகவில்லை, முன்பணத்தை ரொக்கமாக வாங்கியிருந்தார். அதை ஒரு வரியில் சொல்லி, முன்பண ரசீதையும் சேர்த்தோம். சொல்லாமல் விட்டிருந்தால் அந்த வித்தியாசமே புதிய சந்தேகமாகியிருக்கும்.

அடையாளச் சான்றில் நம்மவர்களுக்கு எப்போதும் வரும் தொல்லை தலைப்பெழுத்து. கணக்கில் தலைப்பெழுத்து முன்னால் இருக்கும், அடையாள அட்டையில் அப்பா பெயரே விரிந்து பின்னால் நிற்கும். இரண்டும் ஒருவரே என்று காட்ட, இரு வடிவமும் உள்ள ஓர் ஆவணத்தைத் தேடி வைக்க வேண்டும். நகலின் ஓரத்தில் எந்த வங்கிக்கு, எதற்காக, எந்தத் தேதியில் கொடுத்தது என்று எழுதிக் கையொப்பமிடுங்கள். எண்ணும் படமும் மறையக் கூடாது. கைபேசித் திரையைப் படமெடுத்து வெட்டி அனுப்புகிறவர்கள் பெரும்பாலும் குறிப்பு எண்ணைத்தான் வெட்டிவிடுகிறார்கள். கணக்கு விவரத்தை வங்கி தந்த வடிவிலேயே வையுங்கள்.

கடிதத்தின் இன்னொரு நகலில் தேதியோடு முத்திரை வாங்காமல் கிளையை விட்டு வெளியே வராதீர்கள். பிறகு குறைதீர் பிரிவுக்கோ, வங்கிக்கு வெளியே உள்ள குறைதீர் அமைப்புக்கோ போக நேர்ந்தால், நாள் கணக்கு அந்த முத்திரையிலிருந்துதான் தொடங்கும். இதற்கிடையில் யாராவது தொலைபேசியில் அழைத்து, கட்டணம் செலுத்தினால் முடக்கத்தை நீக்குவதாகச் சொன்னாலோ ரகசிய எண் கேட்டாலோ, அது வங்கி அல்ல.

இரண்டாவது கடிதம் போன ஆறாம் நாள் முடக்கம் நீங்கியது. அன்று மாலையே அவர் மீண்டும் அழைத்தார்: அட்டை இன்னும் மறுக்கிறது. கணக்கின் முடக்கமும் அட்டையின் முடக்கமும் தனித்தனிப் பதிவுகள். தலைமையகம் ஒன்றை மட்டும் நீக்கியிருந்தது. அட்டைப் பிரிவுக்கு நான் ஒரு வரி எழுதினேன், இணைப்பு எதுவும் கேட்கவில்லை.