பகிர்ந்த உரையாடல் லிங்க்கில் என்ன போகிறது, எது போகாது?

சாட்ஜிபிடியில் வாடகை ஒப்பந்தம் ஒன்றைத் தயாரிக்கிறீர்கள் என்று வையுங்கள். ஆறு கேள்வி, ஆறு பதில் ஆனதும் Share பொத்தானை அழுத்தி, லிங்க்கை அண்ணனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறீர்கள். பிறகு அதே உரையாடலில் ஏழாவதாக, முன்பணத்தைக் குறைத்துக் கேட்பது எப்படி என்று விசாரிக்கிறீர்கள். அண்ணன் மறுநாள் லிங்க்கைத் திறந்தாலும் அவருக்குத் தெரிவது முதல் ஆறுதான்.

காரணம், அந்த லிங்க் உங்கள் உரையாடலுக்குள் திறக்கும் கதவு அல்ல, அதிலிருந்து எடுத்த ஒரு ஜெராக்ஸ். பகிரும் நொடியில், உரையாடலின் முதல் செய்தி தொடங்கி அப்போது திரையில் இருக்கும் கடைசிச் செய்தி வரை தனிப் பிரதியாகிறது. அதற்கு உரையாடலின் முகவரியோடு தொடர்பில்லாத புது முகவரி கிடைக்கிறது: `chatgpt.com/share/` என்று தொடங்கி, ஊகிக்க முடியாத நீண்ட அடையாள எண்ணோடு முடியும். பகிர்வுப் பெட்டியிலேயே, உங்கள் பெயரும், எல்லா உரையாடலுக்கும் பொதுவாக அமைப்புகளில் எழுதிவைத்த தனிப்பட்ட அறிவுறுத்தல்களும், இனிமேல் சேர்க்கும் செய்திகளும் வெளியே போகாது என்று சிறிய எழுத்தில் போட்டிருப்பார்கள். பலர் அதைப் படிப்பதே இல்லை.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. கணக்கிலுள்ள பெயர்தான் மறைக்கப்படுகிறது. கேள்விக்குள் நீங்களே தட்டிய பெயர், வீட்டு முகவரி, போன் நம்பர் எல்லாம் அப்படியே போகும். அறிவுறுத்தல்களும் அப்படித்தான். ‘நான் மதுரையில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன்’ என்று அங்கே எழுதியிருந்தால் அந்த வரி போகாது. ஆனால் ‘உங்கள் மளிகைக் கடைக்கு இந்த விதி பொருந்தும்’ என்று பதில் வந்திருந்தால், அது பதிலின் பகுதி என்பதால் போய்விடும். பகிரும் முன் கேள்விகளைப் பார்த்தால் போதாது, பதில்களையும் மேலிருந்து கீழே ஒருமுறை ஓட்டிப் பார்க்க வேண்டும்.

அடுத்த குழப்பம் திருத்திய கேள்விகளால் வருவது. மூன்றாவது கேள்வியைத் திருத்தி மறுபடி அனுப்பினால் பழையது அழிவதில்லை. அதன் அடியில் 2/2 என்றும் இருபுறமும் அம்புக்குறிகளும் தோன்றும். அதாவது உரையாடல் அந்த இடத்தில் இரண்டு கிளையாகப் பிரிந்துவிட்டது. பகிரும்போது எந்தக் கிளையில் நிற்கிறீர்களோ, வேரிலிருந்து அந்தக் கிளையின் நுனி வரை உள்ள ஒரே வரிசைதான் பார்ப்பவருக்குக் கிடைக்கும். ‘நீ சொன்ன பதில் இதில் இல்லையே’ என்று அண்ணன் கேட்டால், முதலில் சந்தேகப்பட வேண்டியது இந்த அம்புக்குறிகளைத்தான். சரியான கிளைக்குத் திரும்பி, மறுபடி பகிர வேண்டியதுதான்.

ஏழாவது கேள்வியையும் அண்ணன் பார்க்க வேண்டுமென்றாலும் இதே வழிதான். மறுபடி பகிர்ந்ததும், கிடைக்கும் முகவரியைப் பழையதோடு ஒப்பிடுங்கள். மாறியிருந்தால் புதியதை அனுப்பியாக வேண்டும். எது போயிருக்கிறது என்று உறுதிசெய்ய எளிய வழி, பிரவுசரின் மறைநிலைச் சன்னலில் லிங்க்கைத் திறப்பது. அங்கே உங்கள் கணக்கு உள்நுழைந்திருக்காது என்பதால், லிங்க் கையில் உள்ள எவருக்கும் தெரிவதே உங்களுக்கும் தெரியும்.

அண்ணன் அங்கேயே ஒரு கேள்வியைத் தட்டித் தொடர்ந்தால்? அது அவர் கணக்கில் புதிய உரையாடலாகிறது. அவர் எழுதுவது உங்களுக்கு வராது, நீங்கள் எழுதுவது அவருக்குப் போகாது. இருவரும் ஒரே இடத்தில் பேச வேண்டுமென்றால் அதற்குக் குழு உரையாடல் என்று தனி வசதி இருக்கிறது. அதன் அழைப்பு லிங்க்கில் சேர்ந்தவருக்குப் புதிய செய்திகளும் வந்துகொண்டிருக்கும். இரண்டும் வெவ்வேறு லிங்க் என்பதால், மாற்றி அனுப்பிவிடாமல் கவனம் தேவை.

லிங்க்கை நீக்க Settings, Data controls, Shared links என்ற வரிசையில் போக வேண்டும். அங்கே நீக்கினாலும், மூல உரையாடலையே அழித்தாலும் லிங்க் செயலிழக்கும். ஆனால் அதற்குள் அண்ணன் தன் கணக்கில் தொடர்ந்திருந்தால் அந்தப் பிரதி அவரிடம் இருக்கும், ஸ்கிரீன்ஷாட்டும் அப்படியே. பகிர்ந்த உரையாடலைத் தேடுபொறிகளில் காட்டலாமா என்று கேட்கும் ஒரு தேர்வுக் கட்டமும் முன்பு இருந்தது. அதை டிக் செய்தவர்களின் உரையாடல்கள் கூகுள் தேடலில் வரத் தொடங்கியதும், 2025 ஜூலை இறுதியில் ஓபன்ஏஐ அந்த வசதியையே எடுத்துவிட்டது. அந்தக் காலத்தில் பகிர்ந்த பழைய லிங்க்குகள் இன்னும் உங்கள் Shared links பட்டியலில் இருக்கக்கூடும். வேண்டாதவற்றை அங்கேயே நீக்கிவிடலாம்.