எட்டு ரூபாய் இன்ஸ்டாலும் நாற்பது ரூபாய் இன்ஸ்டாலும்

மண்டபம் என்ற கடற்கரை ஊரில் மீன் ஏலம் எடுத்து, இராமநாதபுரம், பரமக்குடி, மதுரை வீடுகளுக்குச் செயலி வழியாக அனுப்பும் ஒரு வியாபாரி என்னிடம் வந்தபோது, அவர் கையில் விளம்பர முகவர் ஒருவர் கொடுத்திருந்த ஒற்றைப் பக்க அறிக்கை இருந்தது. 24,000 ரூபாய்ச் செலவில் 3,000 இன்ஸ்டால், அதாவது ஓர் இன்ஸ்டால் எட்டு ரூபாய் என்று அதில் தடித்த எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். “தம்பி, மூவாயிரம் பேர் ஆப்பை இறக்கியிருக்காங்கன்னு சொல்றாங்க. ஆனா காலையில மீன் வெட்டி நான் கட்டுற பொட்டலம் கூடவே இல்லையே, ஏன்?” என்று அவர் கேட்டார். அந்தக் கேள்விக்கான விடை அறிக்கையில் இல்லை. அறிக்கை சொல்லாமல் விட்ட இரண்டு கணக்குகளில் இருந்தது. இறக்கியவர்களில் எத்தனை பேர் திரும்பி வந்தார்கள் என்பது ஒன்று, எத்தனை பேர் வாங்கினார்கள் என்பது மற்றொன்று.

அடுத்து நாங்கள் அதே 24,000 ரூபாயில் வேறொரு விளம்பரக் கேம்பெயினை நடத்தினோம். அதில் ஓர் இன்ஸ்டால் நாற்பது ரூபாய் ஆனது. 600 பேர்தான் வந்தார்கள். இரண்டும் ஜூலை மாதத்தில், ஒன்றையடுத்து ஒன்றாக ஓடியவை. கணக்கு எளிதாகப் புரிவதற்காக எண்களை முழுமையாக்கித் தருகிறேன். முதல் கேம்பெயினில் வந்த 3,000 பேரில் ஏழாம் நாள் செயலியைத் திறந்தவர்கள் 60 பேர். 30 நாளுக்குள் ஒருமுறையாவது வாங்கியவர்கள் 12 பேர். இரண்டாவதில் வந்த 600 பேரில் ஏழாம் நாள் திறந்தவர்கள் 90 பேர்; வாங்கியவர்கள் 48 பேர். ஆக, வாங்கும் ஒரு வாடிக்கையாளரைப் பிடிக்க முதல் வழியில் 2,000 ரூபாயும், இரண்டாவது வழியில் 500 ரூபாயும் செலவாயிற்று. இன்ஸ்டால் கணக்கில் ஐந்து மடங்கு மலிவாகத் தெரிந்தது, வாடிக்கையாளர் கணக்கில் நான்கு மடங்கு விலை கூடியதாக மாறிவிட்டது.

இதற்குக் காரணம் மோசடியாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. கூகுள் ஆட்ஸில் செயலிக்கான கேம்பெயினை அமைக்கும்போது, இன்ஸ்டால் எண்ணிக்கையை இலக்காகக் கொடுத்தால், எந்தச் செயலியையும் தயங்காமல் இறக்கிப் பார்க்கும் மனிதர்களையே அந்த இயந்திரம் தேடிப் போகும். நாம் கேட்டதை அது சரியாகவே செய்கிறது. செயலிக்குள் நடக்கும் ஒரு செயலை இலக்காகக் கொடுத்தால், அந்தச் செயலைச் செய்யக்கூடியவர்களைத் தேடும், அவர்களுக்கு விலையும் கூடும். நாணயமோ ரீசார்ஜோ தருவதாகச் சொல்லி இறக்க வைக்கும் தளங்கள் வேறு வகை. அங்கிருந்து வருகிறவர்கள் பரிசு கைக்கு வந்ததும் செயலியை நீக்கிவிடுவார்கள். செயலிக்குள் நடப்பதைப் பதிவு செய்யும் கூகுளின் கருவியான ஃபயர்பேஸ், ஆண்ட்ராய்டில் செயலி நீக்கப்படும்போது தானாகவே பதியும் `app_remove` நிகழ்வை நாள்வாரியாகப் பார்த்தால் இது வெளிப்பட்டுவிடும். முதல் கேம்பெயினில் வந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இறக்கிய அன்றே நீக்கியிருந்தார்கள்.

ஆனால் ‘வாங்கினார்கள்’ என்ற எண்ணை நம்புவதற்கு முன், அந்த எண் எப்படிப் பதிவாகிறது என்பதைப் பார்த்தாக வேண்டும். நானே தவறிய இடம் இது. ஃபயர்பேஸ் தானாகப் பதியும் `in_app_purchase` என்ற நிகழ்வு, கூகுள் பிளே, ஆப் ஸ்டோர் வழியாகக் கட்டணம் செலுத்தி வாங்கும் சந்தா, விளையாட்டு நாணயம் போன்றவற்றுக்கு உரியது. யுபிஐ வழியாகப் பணம் கட்டி விளமீன் வாங்குவதை அது அறியாது. ஆகவே `purchase` நிகழ்வை நாமேதான் எழுத வேண்டும். அதைப் பணம் கட்டும் பொத்தானை அழுத்தும் இடத்தில் வைக்க முதலில் நான் ஒப்புக்கொண்டுவிட்டேன். யுபிஐ செயலிக்குப் போனவர்கள் பலர் பின் எண்ணைப் போடாமலே திரும்பினார்கள். ஆனாலும் விற்பனை நடந்ததாகவே பதிவாயிற்று. திரையில் 41 விற்பனை தெரிந்த வாரத்தில், வியாபாரியின் ஆர்டர் நோட்டில் இருந்தவை 17. பணம் வந்ததை நம் சர்வர் உறுதி செய்த பிறகே நிகழ்வு பதியுமாறு பின்னர் மாற்றினோம்:

```kotlin
// சர்வர் உறுதி செய்த பிறகு மட்டும்
Firebase.analytics.logEvent(FirebaseAnalytics.Event.PURCHASE) {
    param(FirebaseAnalytics.Param.TRANSACTION_ID, orderId)
    param(FirebaseAnalytics.Param.VALUE, 640.0)
    param(FirebaseAnalytics.Param.CURRENCY, "INR")
}
```

தொகையை அனுப்பிவிட்டு `INR` என்ற நாணயக் குறியை விட்டுவிட்டால் வருவாய்க் கணக்கு சரியாக வராது. ஆர்டர் எண்ணைச் சேர்த்து அனுப்புவதன் பயன், வாரம் ஒருமுறை நோட்டோடு வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்க்க முடியும் என்பதே. மேலே நான் தந்த 12, 48 என்ற எண்கள் அப்படி நோட்டோடு ஒப்பிட்டு எடுத்தவை.

திரும்பி வருவோர் கணக்கை இந்தக் கடற்கரையில் வாசிப்பதற்கும் ஒரு முறை உண்டு. முதல் நாள், ஏழாம் நாள், முப்பதாம் நாள் என்று எல்லோரும் பார்க்கும் அளவுகள் அன்றாடம் திறக்கும் செயலிகளுக்குப் பொருந்தும். மீனை அன்றாடம் செயலியில் வாங்குகிறவர்கள் குறைவு. பெரும்பாலான வீடுகளில் அது ஞாயிற்றுக்கிழமைக் கணக்கு. மேலும் பாக் நீரிணைப் பக்கத்தில் விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாள்தான் கடலுக்குப் போகின்றன. வரத்து இல்லாத நாளில் செயலியைத் திறந்து வெறும் பட்டியலைப் பார்த்தவர், மறுநாள் வராததைக் கேம்பெயினின் குறையாக எழுதிவிடக் கூடாது. அதனால் நான் ஒரே காலத்தில் வந்தவர்களை ஒரு குழுவாக வைத்துக் காட்டும் கூகுள் அனலிட்டிக்ஸின் `Cohort exploration` பகுதியில் நாள் அளவை வார அளவாக மாற்றி, கேம்பெயின் வாரியாகப் பிரித்துப் பார்க்கிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில், நாட்டுப்படகு மீனை மட்டும் நம்பியிருக்கும்போது வந்தவர்களை ஜூலையில் வந்தவர்களோடு ஒப்பிடுவதில்லை. ஒரே பருவத்தில் வந்தவர்களைத்தான் ஒப்பிட வேண்டும்.

அப்படியானால் `purchase` நிகழ்வையே நேராக இலக்காகக் கொடுத்துவிடலாமே என்று தோன்றும். சிறு வியாபாரிக்கு அதில் ஒரு தடை இருக்கிறது. நாளொன்றுக்குப் பத்துப் பேராவது செய்யும் செயலை இலக்காக வைக்க வேண்டும் என்பது கூகுளின் பொதுவான அறிவுரை. இவருக்கோ நாளுக்கு இரண்டு மூன்று விற்பனைதான். அவ்வளவு குறைந்த தரவிலிருந்து இயந்திரம் எதையும் கற்றுக்கொள்ள முடியாது. ஆகவே வாங்குவதற்கு ஒரு படி முந்தைய செயலை எடுக்க வேண்டியிருந்தது. கூடையில் மீன் போடுவதை முதலில் நினைத்தோம். ஆனால் நண்டு என்ன விலை என்று பார்ப்பதற்காகவே கூடையில் போட்டுவிட்டுப் போகிறவர்கள் ஏராளம். வீட்டு முகவரியைச் சேமித்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் வாங்கியிருந்தார். அதனால் முகவரி சேமிப்பதை ஒரு நிகழ்வாக எழுதி, அதையே இரண்டாவது கேம்பெயினின் இலக்காக்கினோம்.

மிச்சம் இருப்பது, அந்த 500 ரூபாய் கட்டுப்படியாகுமா என்பது. ஐஸ், பெட்டி, வண்டிச் செலவு எல்லாம் போக ஓர் ஆர்டரில் அவருக்கு நிற்பது 150 ரூபாய். அப்படியென்றால் ஒருவர் நான்காவது முறை வாங்கும்போதுதான் அவரைப் பிடித்த செலவு மீளும். 90 நாளில் அந்த 48 பேரும் சேர்ந்து 168 ஆர்டர் போட்டார்கள். 25,200 ரூபாய் நின்றது, செலவு மட்டாக மீண்டது. முதல் கேம்பெயினின் 12 பேர் போட்டவை 15 ஆர்டர். 24,000 ரூபாய்க்கு எதிரே 2,250 ரூபாய். இரண்டாவது கேம்பெயினும் பெரிய இலாபம் என்று நான் அவரிடம் சொல்லவில்லை. 48 பேர் என்பது சிறிய எண்ணிக்கை. பத்துப் பேர் கூடினாலும் குறைந்தாலும் முடிவே மாறும். ஆகவே செலவை இரட்டிப்பாக்காமல், அதே தொகைக்கு இன்னொரு சுற்று ஓட்டிப் பார்ப்பது என்று முடிவு செய்தோம். அதை எப்போது தொடங்குவது என்று கேட்டேன். அடுத்த தடைக்காலம் முடிந்து முதல் படகுகள் கரை சேர்ந்து, பட்டியலில் பாறை மீனும் சீலா மீனும் ஏறிய பிறகு என்றார். அந்தத் தேதியையே குறித்துக்கொண்டேன்.